மருந்து லேபிள் கேள்வி பதில்: 125-ஆ, 250-ஆ?

வேலூர் ஆற்காடு சாலையில் மருந்துக் கடை கவுன்ட்டரில் பல வருஷம் நின்ற பார்மசிஸ்ட் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: டாக்டர் காய்ச்சல் சிரப் 6 மில்லி எழுதினார். பாப்பா 10 கிலோ. போன தடவை வாங்கினதுல 125னு இருந்துச்சு, இப்போ கடையில 250னு கொடுத்தாங்க. அதே 6 மில்லி ஊத்தலாமா அண்ணா?

ஊற்றாதீங்கம்மா. அந்த 125, 250 எல்லாம் 5 மில்லி சிரப்பில் எத்தனை மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது என்று சொல்கிற எண். குழந்தைகளுக்கு வழக்கமாக ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கணக்கிடுவார்கள். உங்கள் பாப்பாவுக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். 125 சிரப்பில் அது 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. மாற்றாமல் ஊற்றினால் ஒரே வேளையில் 300 மில்லிகிராம் உள்ளே போய்விடும்.

இதைவிடப் பயமானது சொட்டு மருந்து. அந்தச் சின்ன பாட்டிலில் பொதுவாக 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதில் 6 மில்லி என்றால் 600! சீட்டில் மில்லி மட்டும் எழுதியிருந்தால், எந்த பாட்டிலுக்கு என்று கடையிலேயே கேட்டு, அட்டையில் பேனாவால் எழுதி வாங்குங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் விடணும். ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

வாலாஜாவிலிருந்து ஒருவர்: 250னா வீரியம் டபுள், அது எங்களுக்கும் தெரியும் சார். ஆனா ஒரு ஸ்பூன்னா 5 மில்லிதானே? வீட்டு ஸ்பூன்ல ஊத்தினா முடிஞ்சது.

வீரியம் பற்றிச் சொன்னது சரி. ஸ்பூன் சரியில்லை. ஒரே வீட்டிலேயே இரண்டு டீஸ்பூனை அளந்து பாருங்கள், ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 6 பிடிக்கும். பாட்டிலோடு வருகிற மூடியில் 2.5, 5 என்று கோடு இருக்கும், 3-க்கு இருக்காது. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி வையுங்கள். அப்புறம், ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று போட்டிருந்தால் குலுக்கித்தான் ஆகணும். மருந்து அடியில் படிந்துவிட்டால் முதல் நாள் நீர்த்தும் கடைசி நாள் கெட்டியாகவும் போகும்.

ராணிப்பேட்டை டேனரியில் ஷேவிங் மிஷின் ஓட்டுபவர்: சளிக்கு ஒரு மாத்திரை, காய்ச்சலுக்கு 650, ரெண்டும் மூணு வேளை போடுறேன். ட்ரவுசினெஸ்னு சின்னதா எழுதியிருக்கு. நமக்கு அதெல்லாம் பழக்கம்தான்.

முதலில் உங்கள் சளி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அதிலேயே பாராசிட்டமால் 500 சேர்ந்திருக்கும். அப்படியென்றால் ஒரு வேளைக்கு 1,150, மூணு வேளைக்கு 3,450 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சமே 4,000 தான். இன்னொரு வேளை சேர்த்துப் போட்டால் தாண்டிவிடும். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அந்த உச்சமும் குறையும். கூட்டு மருந்தைச் சாப்பிடுகிற நாளில் தனி 650 வேண்டாம்.

தூக்கம் வரவைப்பது சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின். கண் சொக்குவதற்கு முன்பே கை மெதுவாகும். தூக்கம் வரவில்லை என்று நீங்கள் நினைக்கும் நேரத்திலும் கவனம் தளர்ந்திருக்கும். பிளேடு சுற்றும் மிஷினில் அது போதும், விரல் போக. ஷிஃப்ட் நாளில் போடாதீர்கள். தூக்கம் குறைவாக வருகிற மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காட்பாடி, ஷேர் ஆட்டோ ஓட்டுநர்: அப்போ ராத்திரி போட்டுட்டு காலையில வண்டி எடுக்கலாமா?

உறுதியாகச் சொல்ல முடியாது தம்பி. சிலருக்குக் காலையில் தெளிந்துவிடும், பலருக்கு மதியம் வரை இழுக்கும். முதல் முறை போடுகிற மருந்தை, மறுநாள் வண்டி எடுக்காத நாளில் போட்டுப் பாருங்கள். ராத்திரி சரக்கு சேர்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது.

ஆம்பூரிலிருந்து ஒரு அக்கா: கான்ட்ராஇண்டிகேஷன்னா பக்கவிளைவுதானே? எங்கப்பாவுக்கு 70 வயசு, புராஸ்டேட் இருக்கு. சளி மாத்திரை போட்ட ராத்திரியே யூரின் அடைச்சுக்கிச்சு.

இல்லக்கா. பக்கவிளைவு யாருக்கும் வரலாம். கான்ட்ராஇண்டிகேஷன்னா, இன்ன நோய் இருப்பவர் அந்த மருந்தைத் தொடவே கூடாது என்பது. உங்கப்பாவுக்கு நடந்தது அதற்குச் சரியான உதாரணம்: குளோர்பெனிரமினும் மூக்கடைப்புக்குச் சேர்க்கிற பினைல்எஃப்ரினும் வீங்கிய புராஸ்டேட் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். இனி எந்தக் கடையிலும் முதல் வார்த்தையாகப் புராஸ்டேட்டைச் சொல்லுங்கள். இதே இரண்டும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயசுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. அப்பாவுக்கு வாங்கினது மிச்சம் இருந்தால் பேரனுக்கு ஒடித்துக் கொடுக்காதீர்கள்.

அதே அக்கா: அட்டையில அப்படி எதுவும் இல்லையே?

பெரும்பாலும் அது பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளில்தான் இருக்கும். நாலு மாத்திரை வெட்டி வாங்கும்போது அந்தத் தாள் கைக்கு வராது, பேரும் காலாவதி தேதியும் வெட்டுப்பட்ட பக்கத்தோடு போய்விடும். தேதி இருக்கிற ஓரத்தை விட்டு வெட்டச் சொல்லுங்கள். தாளை ஒரு நிமிஷம் வாங்கி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கொடுக்க மாட்டேன் என்று நல்ல கடைக்காரர் சொல்ல மாட்டார்.