மாமனார் தண்ணீர் குடிக்க மறுப்பது ஏன்?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 74. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் நினைவும் நன்றாக உள்ளன. தண்டையார்பேட்டையில் ஒரு ஹாலும் ஓர் அறையும் உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். ஹாலில்தான் அவருடைய கட்டில். கணவருக்கு ஷிஃப்ட் வேலை, மாமியாருக்கு மூட்டு வலி, மகன் பிளஸ் டூ படிக்கிறான். டயப்பரை நான் மாற்றும்போது மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சில வாரங்களாகத் தண்ணீர் குடிக்கவே மறுக்கிறார். முதுகின் அடியில் ஓரிடம் கருத்திருக்கிறது. காற்று மெத்தை வாங்கிவிட்டோம். வேறு என்ன செய்ய வேண்டும்?

மருத்துவர் பதில்: பக்கவாதம் வந்தவர் தண்ணீரை மறுத்தால், விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவரை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு நேரத்தில் ஒரு தேக்கரண்டி வீதம் தண்ணீர் கொடுங்கள். இருமல் வந்தாலும், தொண்டையில் நீர் தங்கியதுபோல் குரல் மாறினாலும் உடனே நிறுத்திவிட்டு, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், உங்கள் கேள்வியிலேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குறைவாகக் குடித்தால் சிறுநீர் குறையும், மருமகளின் முன்னால் உடை கலைந்து படுத்திருக்க வேண்டிய வேளைகளும் குறையும் என்று அவர் கணக்கிடுகிறார். பல வீடுகளில் முதியவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் இதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். இதன் விளைவாக மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. அடர்ந்த சிறுநீர் பட்டு, ஏற்கெனவே நலிந்த தோல் மேலும் கெடுகிறது. ஆகவே அவருடைய மறைவுக்கு வழி செய்வதையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருதுங்கள்.

அதற்கு முன், கருத்திருக்கும் இடத்தை இன்றே பார்த்துவிடுங்கள். விரலால் சில நொடிகள் அழுத்திவிட்டு எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பினால் அங்கே இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் இந்த வெளுப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் புறங்கையை வைத்து, சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்ப்பதால் உள்ளே நலிந்திருக்கும் திசு மேலும் சிதையும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அந்த இடத்தின் மேல் உடல் எடை விழாமல் இருப்பதே இப்போதைக்கு அதற்கான சிகிச்சை. நிறம் பழையபடி ஆகும்வரை மல்லாக்கப் படுக்கவைக்காமல், இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சாய்த்துவிடுங்கள்.

முழுமையாக ஒருக்களிக்க வைத்தால் இடுப்பெலும்பின் பக்கவாட்டு முனையில் எடை இறங்கும். ஆகவே முதுகின் பின்னே ஒரு தலையணையைச் செருகி, ஏறத்தாழ 30 டிகிரி மட்டும் சாய்த்தால் போதும். கெண்டைக்காலின் அடியில் இன்னொரு தலையணை வைத்து, குதிகால்கள் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். செயலிழந்த இடப் பக்கத்தில் அதைவிடக் குறைவான நேரமே இருக்கட்டும். திருப்பும்போது இடது கையைப் பிடித்தோ, அக்குளில் கை கொடுத்தோ இழுக்கக் கூடாது. தசைப் பிடிப்பு இல்லாத அந்தத் தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும். தோள் முதல் தொடை வரை வருமாறு ஒரு பருத்தி விரிப்பை நான்காக மடித்து விரித்திருந்தால், இரண்டு பேர் அதன் ஓரங்களைப் பிடித்து அவரை உரசாமல் தூக்கி நகர்த்தலாம்.

நீங்கள் வாங்கியிருக்கும் காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் அது இருப்பதால் திருப்ப வேண்டியதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மெத்தையின் அடியில், அவருடைய இடுப்புக்கு நேராக உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். அவருடைய உடல் கையில் தட்டினால் காற்று போதவில்லை என்று பொருள். மின்தடை நீடித்தால் மெத்தை தளர்ந்துவிடும் என்பதால் அதன் கீழே ஒரு ஃபோம் மெத்தையும் இருக்கட்டும். மேலே ரெக்சினும் கம்பளியுமாக அடுக்கினால் மெத்தையின் பயன் போய்விடும், நம் ஊர் வெக்கையில் வியர்வையும் தேங்கும். சுருக்கமில்லாத ஒற்றைப் பருத்தி விரிப்புடன், நகர்த்துவதற்கான அந்தத் துணி மட்டும் போதும்.

இனி வீட்டு அமைப்புக்கு வருகிறேன். கட்டிலை உள்ளறைக்கு மாற்றுங்கள் என்று பலர் உங்களுக்கு ஆலோசனை சொல்லியிருக்கக்கூடும். அதை நான் சொல்ல மாட்டேன். நினைவு தெளிவாக உள்ளவரை வீட்டின் பேச்சிலிருந்தும் வருவோர் போவோரிடமிருந்தும் பிரித்து வைப்பது அவருக்கு இன்னொரு இழப்பு. கட்டில் ஹாலிலேயே இருக்கட்டும், ஆனால் வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டாம். அவருடைய நல்ல கையான வலது கைப் பக்கம் இரண்டு அடியாவது திறந்திருக்க வேண்டும். இடப் பக்கம் சுவரை ஒட்டி இருக்கலாம். குளிப்பாட்டும்போதும் திருப்பும்போதும் ஆள் நிற்கும் அளவுக்குக் கட்டிலை இழுத்துக்கொள்ள முடிந்தால் போதும். சுற்றிலும் ஆறடி உயரத்தில் கம்பி கட்டி, வெளிச்சம் ஊடுருவாத பருத்தித் துணியைத் திரையாகத் தொங்கவிடுங்கள். மேலே இடைவெளி இருப்பதால் மின்விசிறிக் காற்று உள்ளே வரும். பகல் முழுவதும் திரை திறந்தே இருக்கட்டும். மூடினால் யாரும் கேட்காமல் உள்ளே வரக் கூடாது என்பதை உங்கள் மகன் முதல் பக்கத்து வீட்டார் வரை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். மலம், சிறுநீர் பற்றிய பேச்சு விருந்தினர் முன்னிலையில் எழக் கூடாது என்பதும் இந்தத் திரையைச் சேர்ந்ததுதான்.

அவருடைய வலது கை நன்றாக இருக்கும்போது, பகலில் டயப்பர் எதற்கு என்று யோசியுங்கள். ஆண்களுக்கான சிறுநீர்ப் புட்டியை, மூடியுடன், வலப் பக்கக் கட்டில் சட்டத்தில் ஒரு கொக்கியில் மாட்டிவையுங்கள். மூட்டாத லுங்கியை இடுப்பில் கட்டாமல் மேலே போர்த்தினால் அவரே விலக்கிக்கொள்வார். திரையை இழுத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடலாம். முடிந்ததும் அவர் மணி அடிக்கட்டும், மூடிய புட்டியை எடுத்துச் செல்வது மட்டுமே உங்கள் வேலை. டயப்பர் இரவுக்கு மட்டும் இருக்கட்டும். ஈரமானால் விடியும்வரை காத்திருக்காமல் மாற்றி, மிதமான நீரால் துடைத்து, தோலை ஒற்றி உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ மெல்லியதாகப் பூசுங்கள். பவுடர் ஈரத்தில் திரண்டு உறுத்தும்.

மலம் கழிப்பதற்கு ஒரு நேரம் அமைத்துவிட்டால் பெரும்பகுதி சங்கடம் தீர்ந்துவிடும். உணவு வயிற்றில் சேர்ந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயல்பு, காலையில் அது இன்னும் வலுவாக இருக்கும். ஆகவே காலை உணவும் காபியும் முடிந்து ஏறத்தாழ அரை மணி நேரத்தில், வாளி பொருத்திய கமோடு நாற்காலியை வலப் பக்கம் போட்டு அவரை அதில் உட்காரவையுங்கள். பாதங்கள் தரையில் படிய வேண்டும். பத்து நிமிடம் போதும், அதற்குமேல் வேண்டாம். அவரை மாற்றி உட்காரவைக்கும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்ற பிறகே, இரண்டு பேராகச் செய்யுங்கள்.

யார் எதைச் செய்வது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரிடமே கேளுங்கள். “கழுவிவிடுவது யாராக இருந்தால் உங்களுக்குச் சரிப்படும்?” என்ற கேள்வியை உங்கள் கணவர் தனியாகக் கேட்டால் அவர் பதில் சொல்வார். பெரும்பாலும் மனைவி அல்லது மகன் என்றுதான் சொல்வார். மாமியாருக்கு மூட்டு வலி இருப்பதால், உடலைச் சாய்த்துப் பிடிப்பதை உங்கள் கணவர் செய்ய, மாமியார் ஒரு நாற்காலியில் அமர்ந்தபடி துடைத்துவிடலாம். கணவரின் ஷிஃப்ட் மாறும் வாரங்களில், கமோடு நேரம் மாறாமல், உடல் துடைக்கும் நேரம் மட்டும் அவர் வீட்டில் இருக்கும் வேளைக்கு மாறட்டும். அவர் இல்லாத காலைகளில், நாற்காலிக்கு மாற்றும்வரை மட்டும் லுங்கி விலகாமல் பார்த்து நீங்கள் கை கொடுத்துவிட்டுத் திரைக்கு வெளியே வந்துவிடுங்கள், மற்றதை மாமியார் பார்த்துக்கொள்வார். துடைக்கும்போது ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டும் திறந்து, துடைத்து, மூடிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். தொடைகளுக்கு இடையே துடைக்கும் துணியை அவருடைய வலது கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

உணவு, மருந்து, தண்ணீர்க் கணக்கு ஆகியவை உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். இதயமோ சிறுநீரகமோ காரணமாக மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருக்காவிட்டால், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் இலக்கு. அதாவது 150 மில்லி டம்ளரில் பத்து. அதில் ஏழு, மாலை ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டால் இரவு டயப்பர் அவ்வளவாக நனையாது. சாப்பாட்டின்போதும், அதன் பின் அரை மணி நேரமும் நிமிர்ந்திருக்க வேண்டும். பிறகு தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் உடல் கீழே சரிந்து, முதுகின் அடித்தோல் உரசும்.

இரவில் எல்லோரும் விழித்திருந்தால் ஒரு வாரத்தில் வீடே சோர்ந்துவிடும். தோல் நிறம் சரியான பிறகு, இந்த மெத்தையில் இரவுத் திருப்புதலை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாக்கலாம்: பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி. இரண்டு மணி முறையை நீங்களும் கணவரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதப்போகும் பையனை இரவில் எழுப்ப வேண்டாம். பள்ளியிலிருந்து வந்ததும் தாத்தாவைத் திருப்ப உங்களுக்கு உதவிவிட்டு, அவரோடு தேநீர் குடித்து, நாளிதழைப் படித்துக் காட்டுவது அவன் பங்கு. ஒரு நோட்டில் நேரம், எந்தப் பக்கம், எத்தனை டம்ளர் என்று எழுதிவந்தால், யார் வந்தாலும் தொடர முடியும். எழுத வேண்டியதை உங்கள் மாமனாரே சொல்லட்டும்.

உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செவிலியர் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். மறைவும் நேரமும் அமைந்த பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் உணவையும் பேச்சையும் ஒதுக்கினால், பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம் என்பதை அங்கே சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு. கருத்த இடம் எடையில்லாமல் வைத்தும் இரண்டு நாட்களில் தெளியாவிட்டால், அல்லது தோல் உரிந்தால், கொப்புளம் எழுந்தால் அவர்களிடம் காட்டுங்கள். துர்நாற்றம், காய்ச்சல், திடீர் உளறல், அரை நாளாகச் சிறுநீர் வராமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால், மறுநாள் வரை பொறுக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு 108-இல் அழைத்துச் செல்லுங்கள்.