பெட்டியில் 34,990, திரையில் 44,990: தள்ளுபடியில் வாங்கிய டிவிக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

“தீபாவளித் தள்ளுபடியில் கானாடுகாத்தான் ஆச்சி வீட்டுக்கு 43 அங்குல டிவி ஆன்லைனில் வாங்கினேன். 44,990 ரூபாயை அடித்துவிட்டு, 38% தள்ளுபடி போக 27,990 என்று காட்டியது. அதே பக்கத்தில் இன்னொரு விற்பனையாளர் 27,590 போட்டிருந்ததால் அவரிடம் எடுத்தேன். கார்டு சலுகை 1,500 கழிந்தது, ஆனால் 1,000 ரூபாய் கூப்பன் கழியவில்லை. கட்டியது 26,090. பெட்டியில் எம்.ஆர்.பி. 34,990 என்று இருக்கிறது. காரைக்குடிக் கடையில் இதே மாடல் 25,500. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?”
— வாசகி, காரைக்குடி

கடையில் 590 ரூபாய் குறைவு என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. எம்.ஆர்.பி.யைத் தாண்டாதவரை விற்பவர் தன் விலையைத் தானே வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டியிருந்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் தரலாம். உங்கள் விஷயத்தில் அது நடக்கவில்லை.

உங்கள் கையில் இருக்கும் பலமான சங்கதி, திரையில் அடித்துவிட்டுக் காட்டிய அந்த 44,990தான். உண்மையான எம்.ஆர்.பி. 34,990 என்றால் 27,990க்குத் தள்ளுபடி சரியாக 20%தான். திரையில் 10,000 ரூபாயை ஏற்றி வைத்து அதை 38% ஆக்கியிருக்கிறார்கள். விலையைப் பற்றி வாங்குபவரைத் தவறாக நம்பவைப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாடல் எண், எம்.ஆர்.பி., தயாரித்த மாதம் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி அந்த லேபிளை எடுத்து வையுங்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேறு டிவி, வேறு எம்.ஆர்.பி. என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். கடை விலையையும் அப்படித்தான் ஒப்பிட வேண்டும்.

கூப்பன் விஷயம் வேறு. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் ஆர்டர் விவரத்தையும் சேர்த்துப் பார்த்தேன். கூப்பன் 27,990 போட்டவருடையது. நீங்கள் வாங்கியவர் பெயர் “Sold by” வரியில் வேறாக இருக்கிறது. பல தளங்களில் கூப்பன் பொருளோடு ஒட்டியிருக்காது, விற்பவரோடு ஒட்டியிருக்கும். முதலாமவரிடம் எடுத்திருந்தால் 27,990இல் கூப்பன் 1,000, கார்டு 1,500 போக 25,490 ஆகியிருக்கும், கடையைவிடப் பத்து ரூபாய் குறைவு. 400 ரூபாய் குறைத்துப் போட்டவரிடம் போனதால் 600 ரூபாய் கூடிவிட்டது. பட்டியல் விலையை ஒப்பிடாமல், ஒவ்வொரு விற்பனையாளரையும் பணம் கட்டும் கடைசித் திரை வரை கொண்டுபோய் அந்தத் தொகையை ஒப்பிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நீங்கள் பார்த்து நம்பிய 4.4 நட்சத்திரமும் டிவிக்கு உரியது. விற்பவரின் மதிப்பெண் அவர் பெயரைத் தொட்டால் வரும் தனிப் பக்கத்தில் 3.1 என்று இருக்கிறது. விற்பவரின் பெயர், முகவரி, மதிப்பீடு ஆகியவற்றைத் தளம் காட்டியாக வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இருக்கிறது. காட்டியிருக்கிறார்கள், அதனால் அதில் குறை சொல்ல முடியாது. கூப்பன் ஒருவருக்கு மட்டும் என்ற நிபந்தனை அந்தப் பக்கத்தில் எங்கேயாவது எழுதியிருந்தால் 1,000 ரூபாயைக் கேட்டும் பயனில்லை. எழுதாமல் விட்டிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். விற்பவரையும் தளத்தையும் சேர்த்தே குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். சிறு தொகைப் புகார்கள் பல அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

முடியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டிலிருந்தே e-jagriti.gov.in வழியாகத் தாக்கல் செய்யலாம். வாங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைச் சாட்சியாகக் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63(4)இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்று இணைக்க வேண்டும், அதனால் ஆச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தப் படத்தை, தேதியோடு, இரண்டு போனிலும் அழிக்காமல் வையுங்கள்.

டிவியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்க நினைத்தால், அது கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. பொருள் பழுதில்லாமல், சொன்ன அம்சங்களோடு வந்திருக்கிறது. தவறான விலைக் காட்சிக்கு நஷ்டஈடும் வழக்குச் செலவும் கேளுங்கள். நம்பிக் கேட்கக்கூடியது அவ்வளவுதான்.