இரவு இரண்டு மணிக்குச் செய்த கேலிபரேஷன்

"என் மகளுக்கு 11 வயது, டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் பம்புடன் இணைந்த சென்சாரைக் கையின் மேற்பகுதியில் பொருத்தியிருக்கிறோம். 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது விரலில் குத்திப் பார்த்த அளவைப் பதியச் சொல்லும் வகை அது. போன வாரம் இரவு 2 மணிக்கு 68 என்று அலாரம் அடித்தது. விரலில் 102 இருந்தது. உடனே அதைப் பதிந்து, சென்சாரின் கணக்கை விரல் அளவோடு பொருத்தும் கேலிபரேஷனைச் செய்தேன். காலை 5 மணிக்கு அவள் வியர்த்து நனைந்திருந்தாள். சென்சார் 84 காட்டியது; விரலில் 56. எதைத்தான் நம்புவது? வித்தியாசம் தெரியும்போதெல்லாம் கேலிபரேட் செய்ய வேண்டும் என்று யூடியூபில் சொல்வதால் நாளைக்கு ஏழெட்டு முறை செய்கிறேன். சென்சாரைச் சுற்றித் தோல் சிவக்கிறது. கதிர்வீச்சு ஆபத்து உண்டா? இரவு இன்சுலினைக் குறைத்துவிடலாமா?" (ஒரு வாசகி, திருச்சி)

விரலில் வந்த 56-தான் உண்மை. உங்கள் கடிதத்தில் நான் கவலைப்பட வேண்டிய வரியும் அது ஒன்றுதான். குழந்தைக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, திடீரென்று பசிக்கிறது அல்லது எழுப்பினால் குழப்பமாகப் பேசுகிறாள் என்னும்போது, சென்சார் எந்த எண்ணைக் காட்டினாலும் அதை ஒதுக்கிவிட்டு விரலில் குத்திப் பாருங்கள். குளுக்கோமீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், அல்லது மீட்டர் உடனே கைக்குக் கிடைக்கவில்லை என்றால், 10 முதல் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் பார்க்க வேண்டும். விழுங்க முடியாத நிலையிலோ வலிப்பிலோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கைவசம் சர்க்கரையை உயர்த்தும் குளுக்கோகான் ஊசி இருந்தால் போட்டுவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்த நேரத்தில் 56-ஐச் சென்சாரில் பதிய வேண்டாம். குளுக்கோஸ் குடித்தவுடன் சர்க்கரை வேகமாக ஏறும்; ஏறிக்கொண்டிருக்கும் அளவை வைத்துச் செய்யும் கேலிபரேஷன் இன்னொரு தவறில் முடியும்.

அன்று 5 மணிக்கு அலாரம் ஏன் அடிக்கவில்லை என்பதற்கான விடை, பெரும்பாலும் நீங்கள் 2 மணிக்குப் பதிந்த 102-இல் இருக்கிறது. சென்சார் ரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கு அடியில் உள்ள திசுத் திரவத்தின் குளுக்கோஸ் உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் அது அளக்கிறது. அந்த மின்னோட்டத்தை எந்தப் பெருக்கத்தில் சர்க்கரை அளவாக மாற்ற வேண்டும் என்பதை, நீங்கள் பதியும் விரல் அளவை வைத்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. தராசுக்குப் படிக்கல் எப்படியோ, அப்படித்தான் இந்த எண். பதிந்த நேரம் தவறாக இருந்தால், அதன் பிறகு காட்டும் அளவெல்லாம் அதே விகிதத்தில் தவறிப் போகும்.

குழந்தை சென்சார் உள்ள கையின் மேலேயே படுத்துவிட்டால், அழுத்தத்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, திசுத் திரவத்தில் குளுக்கோஸ் தாழ்கிறது. உடம்பெங்கும் 102 இருக்க, அந்த ஓர் இடத்தில் மட்டும் சென்சார் 68 காண்கிறது. அந்த நேரத்தில் 102-ஐப் பதிந்தால், தான் மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காட்டுவதாக எண்ணி, அது தன் கணக்கை ஒன்றரை மடங்கு உயர்த்திக்கொள்கிறது. பிறகு குழந்தை புரண்டு படுக்கிறாள், அழுத்தம் போய்விடுகிறது, உயர்த்திய கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. அதிகாலையில் சர்க்கரை உண்மையாகவே 56-க்கு இறங்கும்போது சென்சார் அதை ஒன்றரை மடங்காக்கி 84 என்று காட்டுகிறது. 70-இல் வைத்த அலாரம் எப்படி அடிக்கும்? கருவிக்குள் நடக்கும் கணக்கு இதைவிடச் சிக்கலானது, பழைய பதிவுகளையும் சேர்த்துப் பார்ப்பது. ஆனாலும் பிழை போகும் திசை இதுதான். சென்சாரின் சொல்லைக் கேட்டு இன்சுலினை நிறுத்தவும் கூட்டவும் செய்கிற பம்ப் என்றால், நிறுத்த வேண்டிய நேரத்தில் அது நிறுத்தாமலும் போகும்.

அழுத்தத்தால் வரும் போலித் தாழ்வை அடையாளம் காண்பது கடினமல்ல. வரைபடத்தில் கோடு சரிவாக இறங்காமல் சில நிமிடங்களில் செங்குத்தாக விழும். புரண்டு படுத்த சிறிது நேரத்தில் அதே போல எழும்பி, பழைய உயரத்தில் போய்ச் சேரும். அன்றைய இரவின் வரைபடத்தை எடுத்து 2 மணிக்கு முன்னும் பின்னும் பாருங்கள். அடுத்த முறை இப்படி அலாரம் அடித்தால் முதலில் விரலில் குத்தி, தாழ்வு உண்மை என்றால் குளுக்கோஸ் கொடுங்கள். விரலில் அளவு சரியாக இருந்தால் குழந்தையைப் புரட்டிப் படுக்கவைத்து, இருபது நிமிடம் போல விட்டுவிட்டுச் சென்சாரைப் பாருங்கள். எண் தானாக ஏறிவிட்டால் கேலிபரேட் செய்ய எதுவுமே இல்லை.

கேலிபரேஷனுக்கு உகந்த நேரம் என்பது சர்க்கரை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் நேரம். ரத்தத்தில் நடக்கும் மாற்றம் திசுத் திரவத்தை எட்ட 5 முதல் 15 நிமிடம் வரை ஆகும். சாப்பிட்ட முக்கால் மணி நேரத்தில் விரலில் 210-உம் சென்சாரில் 160-உம் மேல்நோக்கிய அம்புக்குறியும் இருந்தால், இரண்டும் தத்தம் இடத்தில் சரியாகவே இருக்கக்கூடும். சென்சார் பின்னால் வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே 210-ஐப் பதிந்தால், அழுத்தத்தின்போது நடந்த அதே தவறு வேறு வழியாக வந்து சேரும். "வித்தியாசம் தெரிந்தால் உடனே கேலிபரேட் செய்" என்று காணொளியில் சொல்பவர் இந்தத் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா? வித்தியாசம் மிக அதிகமாகத் தெரியும் நேரமே பெரும்பாலும் கேலிபரேட் செய்யக் கூடாத நேரம்.

ஆகவே ஏழெட்டு முறையை விட்டுவிட்டு, நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை உணவுக்கு முன்பும் இரவு உணவுக்கு முன்பும், அம்புக்குறி எதுவும் இல்லாமல் கடந்த அரை மணி நேரமாகக் கோடு ஏறக்குறைய தட்டையாக இருக்கும்போது செய்தால் போதும். மதிய உணவுக்கு முன் ஒன்று சேர்ந்தால் இன்னும் நல்லது. மாலை 7 மணிக்குப் பதிந்தால் அடுத்த கெடு காலை 7 மணிக்குத்தான் வரும், நள்ளிரவில் கருவி உங்களை எழுப்பாது. விளையாடி முடித்தவுடனும், இன்சுலின் போட்ட ஓரிரு மணி நேரத்திலும், தாழ்சர்க்கரைக்குக் குளுக்கோஸ் கொடுத்த பின்னும் பதிய வேண்டாம். நேரம் சரியில்லை என்றால் காத்திருப்பதில் தவறில்லை. கெடு முடிந்து சென்சார் எண் காட்டாமல் நின்றாலும், அதுவரை விரலில் பார்த்துச் சமாளிக்கலாம்.

பதியும் எண் சுத்தமானதாக இருக்க, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவி ஈரம் போகத் துடைப்பதே முதல் வேலை. மாம்பழம் உரித்த விரலில் 100 இருக்கும் சர்க்கரை 200 என்றுகூட வரலாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது அந்த இனிப்பை முழுமையாக எடுக்காது, ஈரம் காயாவிட்டால் ரத்தத் துளியையும் கெடுக்கும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, பிசையாமல் துளி தானாக வரும்படி கையைத் தொங்கவிடுங்கள். முன்கையில் எடுத்த ரத்தம் இதற்கு உதவாது. ஸ்ட்ரிப் காலாவதியாகாததாகவும் மூடி இறுக்கிய டப்பாவில் இருந்ததாகவும் இருக்க வேண்டும். எப்போதும் ஒரே குளுக்கோமீட்டரைப் பயன்படுத்துங்கள். நம்ப முடியாத எண் வந்தால் மறுபடி கழுவி இன்னொரு ஸ்ட்ரிப்பில் பாருங்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் எதையும் பதிய வேண்டாம். நல்ல எண் கிடைத்ததும் ஐந்து நிமிடத்துக்குள், உள்ளது உள்ளபடி பதியுங்கள். 97-ஐ 100 ஆக்காதீர்கள். காலையில் ஆய்வகத்தில் எடுத்த அளவை மாலையில் பதிவோரும் உண்டு. அது கேலிபரேஷன் ஆகாது.

இரண்டு எண்களும் ஒன்றாக வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். குளுக்கோமீட்டருக்கே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. விரல் அளவு 70-க்கு மேல் இருக்கும்போது 20 சதவீதத்துக்குள்ளும், அதற்குக் கீழே 20 புள்ளிக்குள்ளும் சென்சார் நின்றால் அது சரியாகவே வேலை செய்கிறது. அதைத் தாண்டினால், அமைதியான நேரத்தில் ஒருமுறை கேலிபரேட் செய்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். அடுக்கடுக்காகப் பதிந்தால் கருவி குழம்பும், பதிவை ஏற்கவும் மறுக்கும். சென்சார் போட்ட முதல் நாளில் வித்தியாசம் சற்று அதிகமாக இருப்பது இயல்பு. அமைதியான நேரத்தில் இரண்டு முறை முறையாகச் செய்தும் விலகினால், அந்தச் சென்சாரை மாற்றிவிடுங்கள். அதுவரை பம்ப் தானாக முடிவெடுக்கும் முறையிலிருந்து விலக்கி வைத்து, இரவில் ஒருமுறையாவது விரலில் பாருங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் இன்னொரு சிக்கல் உண்டு. கேலிபரேஷன் கட்டாயமான கார்டியன் 3 போன்ற சென்சார்களில் அந்த மருந்து எண்ணைப் பொய்யாக உயர்த்தும். மருந்தின் வேகம் அடங்கும் வரை விரல் அளவை மட்டும் நம்புங்கள்; அதைச் சென்சாரில் பதிய வேண்டாம்.

லிப்ரே சென்சார் அணிந்திருக்கும் உறவினர்கள் உங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது தொழிற்சாலையிலேயே கேலிபரேட் செய்யப்பட்டு வருவது. அதில் விரல் அளவைப் பதியும் வசதி இல்லை, சந்தேகம் வந்தால் குத்திப் பார்க்க மட்டுமே வேண்டும். டெக்ஸ்காம் ஜி6-இல் சென்சாரின் குறியீட்டு எண்ணைப் பதிந்திருந்தால் கேலிபரேஷன் கட்டாயமில்லை, தேவைப்பட்டால் செய்யலாம்.

தோல் சிவப்பது பெரும்பாலும் பசையால். அடுத்த சென்சாரை வேறு இடத்தில் ஒட்டுங்கள், சீழோ வீக்கமோ வந்தால் மட்டும் காட்டுங்கள். கதிர்வீச்சுக் கவலையை விட்டுவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் செல்பேசியின் சமிக்ஞையைவிட இது பலவீனமானது. இரவு இன்சுலின் விஷயத்தில் மட்டும் காணொளிகளையும் வாட்ஸ்அப் குழுக்களையும் கேட்டு நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். அந்த 56 அளவுக்கு மீறிய இன்சுலினால் வந்ததா, முந்தைய மாலை ஓடியாடியதால் வந்ததா, பிழையான கணக்கை நம்பிப் பம்ப் செலுத்தியதால் வந்ததா என்று தெரியாமல் குறைத்தால், பகலில் சர்க்கரை எகிறும். பம்ப்பின் பதிவையும் அந்த வாரத்து விரல் அளவுகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். வியர்வையோடு கூடிய அதிகாலைத் தாழ்வு இன்னொரு முறை வந்தால் அன்றைக்கே போங்கள்.