சாமிக்கு சொந்தமா பாட்டு எழுதறது எப்படி?

கேள்வி: இஷ்ட தெய்வத்துக்கு நானே ஒரு பாட்டு எழுதணும்னு ஆசை. ஆனா எழுத உக்காந்தா "கருணைக் கடலே, அருள் ஒளியே"ன்னு ஏற்கனவே கேட்ட பாட்டு மாதிரியேதான் வருது. மனசுல இருந்து எளிமையா எழுதறது எப்படி?

பதில்:

நீங்க சின்ன வயசுல இருந்தே வீட்டுல பக்திப் பாட்டு கேட்டு வளர்ந்தவரா இருப்பீங்கன்னு நினைக்கறேன், நானும் அப்படித்தானுங்க. நான் புலவன் கிடையாது, சென்னிமலையில தறி ஓட்டுனவன், அதனால இலக்கணம் தெரிஞ்சவங்க யாராவது சண்டைக்கு வராதீங்க. வாழ்க்கையில எழுதுனதே ஒரே ஒரு பாட்டு, அது எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்.

எங்க மலைக்கு 1320 படி. முப்பது வருசமா கிருத்திகைக்கு நடந்தேதான் ஏறுவேன். ரெண்டு வருசத்துக்கு முன்ன முட்டி போச்சு, பாதி தூரத்துல உக்காந்துட்டேன், பையன் வந்து கூட்டிட்டுப் போனான். அன்னைக்கு ராத்திரி பாட்டு எழுதறேன்னு உக்காந்தேன், வந்தது இது:

ஆறு முகமே அருளின் கடலே
ஏறு மயிலேறி வருவாயே

ரொம்பப் பெருமையா இருந்துச்சு. காலையில வாய்விட்டுப் பாடுனப்பதான் உறைச்சுது, "ஏறுமயில் ஏறி" அருணகிரிநாதர் திருப்புகழ்ல இருக்கறது! நான் திருடணும்னு திருடலைங்க, எதுகைதான் இழுத்துட்டு வந்துச்சு. "ஆறு"ன்னு ஆரம்பிச்சாச்சு, ரெண்டாவது எழுத்து ஒத்து வரோணும்னா "ஏறு" தானா வந்து நிக்குது, அது பின்னாடியே மயிலும் வருது. "கண்"ணுன்னு ஆரம்பிங்க, அடுத்த வரியில "விண்"ணோ "பண்"ணோ வந்து நிக்கும். மனசு பொய் சொல்றதில்ல, எதுகை தேடற அவசரத்துல கையில கிடைக்கறதெல்லாம் பழைய சரக்கு, அவ்வளவுதான். அதனால எதுகைய கடைசியில பாருங்க, முதல்ல பாக்காதீங்க.

சரி, அப்ப முதல்ல என்ன? மெட்டு. வார்த்தை எழுதறதுக்கு முன்னாடி கும்மி மெட்டுல "தந்தன தானா"ன்னு முனகிட்டே இருந்தேன், ஒரு வரிக்கு நாலு தட்டு. எனக்கு தறியில மிதிச்சு கயித்த இழுத்துப் பலகைய அடிக்கற பழக்கம், தட்டு எண்ணறது தானா வந்துரும். அப்பறம் பேப்பர தள்ளி வெச்சுட்டு, சாமி எதுத்தாப்புல திண்ணையில உக்காந்திருந்தா என்ன சொல்லுவேனோ அத சொல்லிப் பாத்தேன். "நடந்து வந்த காலு இப்ப நடுங்குது." அவ்வளவுதான் சொல்லத் தோணுச்சு. அத மெட்டுல போட்டேன்:

நடந்து வந்த காலு இப்ப நடுங்குதப்பா – சாமி
நாலு படி ஏறும் முன்னே ஒடுங்குதப்பா
கடந்து வந்த படியெல்லாம் கணக்கு வெச்சியா – இல்ல
கண்ணெதிரே வந்தாத்தான் கணக்கு வெப்பியா

"நடந்து"க்கு "கடந்து" எதுகை வந்துருச்சு பாருங்க, ஆனா சொல்ல வந்தத சொன்ன பின்னாடி வந்துச்சு. கோடு போட்டு தனியா நிக்குதே "சாமி", "இல்ல", அத சிந்துப் பாட்டுல தனிச்சொல்லுன்னு சொல்லுவாங்க. நாலாவது தட்டு அதுக்குத்தான். பழைய சரக்கு அதிகமா பூந்துக்கற சந்து இதுதானுங்க, இடம் காலியா இருக்கேன்னு எல்லாரும் "வேலா", "பாலா"ன்னு அடைச்சுருவாங்க. அங்க "இல்ல", "அதுல", "ஆனா"ன்னு பேச்ச திருப்பற சொல்லு போட்டுப் பாருங்க, அடுத்த வரி தானா புதுசா வரும். வரி முடியற எடத்துல "அப்பா", "வெச்சியா" மாதிரி நெடில் வந்தா இழுத்துப் பாடலாம், "ன்", "ள்"னு முடிச்சா கும்பல் பாடறப்ப வாய் மூடிக்கும்.

பல்லவி ஒரே வரி, "கீழ நிக்கறேன் தெரியுதா முருகா". நீ, நீங்க குழப்பமும் எனக்கு இருந்துச்சு. பெத்த புள்ளையவே "வாங்க, போங்க"ங்கற ஊரு நம்முளுது, ஆனா சாமிகிட்ட "நீ"ன்னுதான் வருது. வர்றதையே எழுதிட்டேன்.

ரெண்டாவது கண்ணி:

மிதிச்ச மிதி அத்தனையும் போர்வையாச்சு – அதுல
மிஞ்சுனது முட்டி வலி மட்டுமாச்சு

இதுக்குத்தான் வம்பே வந்துச்சு. எங்க பஜனைக் கூட்டத்துல ஒரு ரிட்டயர்டு தமிழய்யா, நல்ல மனுசன், "சாமி பாட்டுல முட்டி எல்லாம் வரலாமாங்க"ன்னு கேட்டுட்டு, "மிஞ்சியது உன்னருளின் மேன்மையாச்சு"ன்னு மாத்திக் குடுத்தாரு. தட்டுக்கு கச்சிதமா உக்காந்துச்சு, அதுதான் எரிச்சல். கந்த சஷ்டி கவசத்துலயே "கணைக்கால் முழந்தாள் கதிர்வேல் காக்க"ன்னு முட்டி வருதுங்களேன்னேன், அதுவும் கவசம் எங்க மலையிலதான் அரங்கேறுச்சுன்னு சொல்லுவாங்க. "அப்ப முழந்தாள்னு எழுதுங்க"ன்னாரு. என் முட்டிய என் சம்சாரம் உட்பட யாரும் முழந்தாள்னு சொன்னதில்லைங்க.

ஒரு கிருத்திகைக்கு அவரு வரியவே பாடுனோம். கெட்டுப் போகல, ஆனா அந்த வரி வந்தப்ப எனக்கு அது யாரோ எழுதுன பாட்டாட்டம் இருந்துச்சு. நான் அப்ப மேன்மைய நினைக்கவே இல்ல, கோவத்துல இருந்தேன். முருகான்னு இருக்கற எடத்துல புள்ளையார வெச்சாலும் அவரு வரி அப்படியே நிக்கும், என் வரிய எடுத்துட்டுப் போயி வேற மலையில வேற ஆளு பாடோணும்னா தறி ஓட்டியிருக்கோணும். நீங்களும் ஒவ்வொரு வரிக்கும் பேர மாத்தி வெச்சுப் பாருங்க, பேரு மாறியும் வரி அசையலைன்னா அது இரவல்.

சாமிகிட்ட கோவிச்சுக்கலாமான்னு கேக்கறவங்க பக்கத்துல திருமுருகன்பூண்டிக்கு ஒருக்கா போயிட்டு வாங்க. சுந்தரர் வழியில பொன்னும் பொருளும் பறிகுடுத்துட்டு, வழிப்பறி நடக்கற இந்த ஊருல எதுக்கு இருக்கறீங்கன்னு சாமியவே கேட்டு அங்க பதிகம் பாடியிருக்காரு. கடைசிப் பாட்டத் தவிர ஒவ்வொரு பாட்டும் "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே"ன்னுதான் முடியும். திட்டறப்பவும் "இருந்தீர்"னு மரியாதை, நம்மூரு பாஷையேதான். அத ஓதுனா புண்ணியம்ங்கறாங்க, நான் முட்டின்னு சொன்னா குத்தமாம்.

ஆனா தப்பு நானும் பண்ணுனேன், அதையும் சொல்லிடறேன். மூணாவதா கூலியப் பத்தி ஒரு கண்ணி எழுதுனேன். போர்வை நெஞ்சு குடுத்துட்டு காசுக்கு மாசக்கணக்குல நடக்கறது, கேட்டா "அடுத்த வாரம் வாங்க"ங்கறது, நூலு விலை மட்டும் ஒரு வாரம் கூட காத்திருக்காது, சின்ன வயசு பசங்க எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க, இதெல்லாம் யாரு கேக்கறாங்க சொல்லுங்க. அத்தனையும் பாட்டுல போட்டேன். பாடுனப்ப பின்வரி யாருமே எடுக்கல, பாதியிலயே ரெண்டு பேரு கூலி கணக்கு பேச ஆரம்பிச்சுட்டாங்க, பஜனை சங்கக் கூட்டமாயிருச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, அந்தக் கண்ணியில நான் முருகனப் பாத்துப் பேசவே இல்ல, காசு குடுக்காத ஆளப் பாத்துப் பேசியிருக்கேன். எடுத்துட்டேன்.

முட்டி கண்ணி இருக்குது. மொத தடவ அந்த வரிக்கு நாலு பேரு சிரிச்சாங்க, எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. இப்பவும் சிரிக்கறாங்க, சிரிச்சுட்டே பின்வரி பாடறாங்க. தமிழய்யா மட்டும் அந்த எடத்துல ஜால்ராவ தட்டிட்டு வாய மூடிக்கறாரு. இந்தத் தை மாசம் அவருக்கும் முட்டி வீக்கம், பஸ்லதான் மேல வந்தாரு, இன்னும் பாட மாட்டேங்கறாரு.