x = 0 போட்டு ரெண்டு பக்கமும் சமமா வந்தா போதாதா?

கேள்வி: y' + 2xy = x, y(0) = 3. இதுக்கு y = 1/2 + (5/2)e^(-x²) தீர்வுன்னு பிரதியிட்டுச் சரிபார்க்கச் சொன்னாங்க. x = 0 போட்டேன், ரெண்டு பக்கமும் 0. y(0) = 3-ம் வந்துச்சு. ஆனா பாதி மார்க்தான் குடுத்திருக்காங்க. ஏன்?

பதில்:

நீங்கள் பார்த்தது ஒரே ஒரு புள்ளியில். வகைக்கெழுச் சமன்பாடு எல்லா x-க்கும் பொருந்தினால்தான் அது தீர்வு.

அதிலும் x = 0 இந்தக் கணக்கில் ஏமாற்றுகிற புள்ளி. அங்கே 2xy என்ற உறுப்பு, y என்னவாக இருந்தாலும் காணாமல் போய்விடும். வலப்பக்கமும் 0. மிச்சம் இருப்பது y'(0) = 0 மட்டும்தான். y = 3 என்ற வெறும் மாறிலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வகைக்கெழு 0, y(0) = 3. நீங்கள் செய்த இரண்டு சோதனையிலும் அது தேறிவிடும். ஆனால் x = 1 போட்டால் இடப்பக்கம் 0 + 6 = 6, வலப்பக்கம் 1. அது தீர்வே இல்லை.

மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு மாணவி இதே மாதிரிக் கணக்கில் முதல் வரியாக "y = 3" என்று எழுதி, அடுத்த வரியில் "ஆகவே y' = 0" என்று எழுதியிருந்தாள். எண்ணைப் போட்ட பிறகு வகையிட்டால் எந்தச் சார்புக்கும் 0தான் வரும். அவள் நோட்டில் அந்த இரண்டு வரிக்கும் நடுவே ஒரு அம்புக்குறி போட்டு, "முதலில் வகையிடு, பிறகு எண்ணைப் போடு" என்று எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் கணக்கை x-ஐ x-ஆகவே வைத்துச் செய்து பார்ப்போம். 1/2 மாறிலி, வகையிட்டால் போய்விடும். e^(-x²)-ஐ வகையிட்டால் அடுக்கின் வகைக்கெழுவான -2x முன்னால் வந்து பெருகும். ஆகவே

y' = (5/2)(-2x)e^(-x²) = -5x e^(-x²)

அடுத்து, y முழுவதையும் 2x-ஆல் பெருக்குங்கள். முன்னால் இருக்கும் 1/2-ஐ விட்டுவிடாதீர்கள்.

2xy = x + 5x e^(-x²)

இரண்டையும் கூட்டினால் e^(-x²) உறுப்புகள் அடிபட்டு x மட்டும் நிற்கும். அதுதான் வலப்பக்கம். எந்த எண்ணும் போடாமலே அடிபட்டதால் எல்லா x-க்கும் இது உண்மை. மீதி மார்க் இந்த மூன்று வரிக்குத்தான்.

எழுதும்போது "y' + 2xy = x" என்று தொடங்கி இரு பக்கத்தையும் மாற்றிக்கொண்டு போகாதீர்கள். நிரூபிக்க வேண்டியதையே முதலில் ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். இடப்பக்கத்தை மட்டும் எடுத்து, சுருக்கி, x-இல் போய் முடியுங்கள்.

அடிபடவில்லை என்றால் மிஞ்சியதைப் பாருங்கள், தவறு எங்கே என்று அதுவே காட்டிவிடும். x + 10x e^(-x²) என்று நின்றால் வகையிடும்போது கழித்தல் குறியைத் தொலைத்திருக்கிறீர்கள். x ஒட்டாத தனி e^(-x²) உறுப்பு ஒன்று நின்றால் -2x-ஆல் பெருக்க மறந்திருக்கிறீர்கள். இரண்டும் இல்லை, வகையிட்டதும் 2x-ஆல் பெருக்கியதும் சரி என்றால் கொடுத்த சார்பே தீர்வு இல்லை.

இப்போது 5/2-க்குப் பதில் 7 போட்டுப் பாருங்கள். y = 1/2 + 7e^(-x²). இதுவும் அச்சாக அப்படியே அடிபட்டு x-தான் தரும்! கெழு எதுவானாலும் சமன்பாட்டுக்குக் கவலை இல்லை. ஆனால் y(0) = 7.5 ஆகிவிடுகிறது. e^0 = 1 என்பதால் 1/2 + 5/2 = 3 என்று வருவது உங்கள் சார்புக்கு மட்டும்தான். அதனால்தான் தொடக்க நிபந்தனையைத் தனி வரியில் காட்டச் சொல்கிறார்கள். y = 3 சமன்பாட்டில் விழுந்தது, 7 போட்டது நிபந்தனையில் விழுந்தது. உங்களுடையது இரண்டிலும் நிற்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். y' = y², y(0) = 1 என்ற கணக்குக்கு y = 1/(1-x). வகையிட்டால் 1/(1-x)², அது y²-தான். y(0) = 1. எல்லாம் சரி. ஆனால் x = 1-இல் சார்பே இல்லை. தொடக்கப் புள்ளி 0 இருப்பது அதற்கு இடப்பக்கம் என்பதால் இது x < 1 வரைக்கும்தான் தீர்வு. x = 2-இல் -1 என்று ஒரு மதிப்பு கிடைத்தாலும் அதை இந்தத் தீர்வின் தொடர்ச்சியாக எடுக்கக் கூடாது. உங்கள் கணக்கில் e^(-x²) எங்கும் உடைவதில்லை, அதனால் "எல்லா மெய்யெண் x-க்கும்" என்று எழுதியே முடிக்கலாம்.