ஹீட்ஸ் நேரத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: 100 மீட்டர் ஓட்டம், நீச்சல் மாதிரி போட்டிகளில் யார் ஜெயிப்பார் என்ற சந்தையைப் பார்க்கிறேன். சமீபத்திய போட்டிகளே கொஞ்சம்தான். ஹீட்ஸ் நேரத்தை நம்பலாமா? நடுவில் யாராவது விலகினால்?

நேரத்தை விட, அதற்காக அவர் எவ்வளவு திணறினார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

டோக்கியோ ஒலிம்பிக் 100 மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரேவான் புரோமெல் 2021 ஜூனில் 9.77 ஓடியிருந்ததால் எல்லார் கண்ணும் அவர் மேல். ஹீட்ஸில் 10.05, நான்காம் இடம். முன்னால் இருப்பவர் கடைசி 20 மீட்டரில் தளர்த்தி ஓடி 10.05 எடுத்தால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் முதல் மூவர்தான் நேரடியாகத் தேறுவார்கள். நான்காவதாக வந்து, மற்ற ஹீட்ஸ் முடியும் வரை காத்திருக்கும் நிலைக்கு யாரும் வேண்டுமென்றே போக மாட்டார்கள். அரையிறுதியில் 10.00 ஓடி வெளியேறினார்.

மார்செல் ஜேக்கப்ஸ் கதை நேரெதிர். பழைய சிறந்த நேரம் 9.95. ஹீட்ஸில் 9.94, அரையிறுதியில் 9.84. அங்கே மூன்றாம் இடம்தான் என்பதால் பலர் கண்டுகொள்ளவில்லை, ஆனால் முன்னால் வந்த இருவருமே 9.83. பின்காற்று வினாடிக்கு 0.9 மீட்டர், ஒரு மீட்டர் காற்றுக்குச் சுமார் 0.05 வினாடி கூட்டினால் அது காற்றில்லாத 9.88 அளவுக்கு வரும். அதே மாலை, ஏறக்குறைய காற்றே இல்லாமல் 9.80 ஓடித் தங்கம் வாங்கினார்.

சரி, அரையிறுதியை அப்படியே நம்பிவிடலாமா? அதே ஓட்டத்தில் 9.83 ஓடிய சூ பிங்டியான் இறுதியில் 9.98, ஆறாமிடம். அதனால், ஒப்பிட ஓட்டங்கள் குறைவாக இருக்கும்போது, புதிய நேரத்துக்குப் பாதி எடை, அந்த சீசனின் மற்ற நேரங்களுக்குப் பாதி எடை என்றுதான் வைப்பேன். இந்தக் கணக்கு ஜேக்கப்ஸைக் குறைத்துத்தான் மதிப்பிட்டிருக்கும். ஆனால் சூவை நம்பி ஏமாறாமல் காத்திருக்கும்.

நீச்சலில் காற்றுத் தொல்லை இல்லை (25 மீட்டர் குளத்து நேரத்தை மட்டும் 50 மீட்டரோடு கலக்காதீர்கள்). அங்கே தலைவலி விலகல்தான். 2022 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் கேலப் டிரெசல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஹீட்ஸில் நீந்திவிட்டு, அரையிறுதிக்கு முன் மருத்துவக் காரணத்தால் விலகினார். டேவிட் போபோவிச்சி தங்கம் வென்றார். விலகுபவரின் இடத்துக்கு வருவது ஹீட்ஸின் 17ஆம் ஆள். அவருக்கு வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். முன்னணி ஆளுக்கு 50, அடுத்தவருக்கு 20, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 30 என்று இருந்து முன்னணி ஆள் விலகினால், அடுத்தவர் 20/50, அதாவது 40 ஆகிறார். விலை இன்னும் 30இல் நின்றால் அது மலிவு.

ஆனால் விலகினால் பணம் திரும்புமா, தோல்வியாகக் கணக்காகுமா என்று விதியை முதலில் படியுங்கள். ஹீட்ஸ் நீந்திவிட்டால் பல இடங்களில் திரும்பாது. இறங்கினால் 60% ஜெயிப்பார், ஆனால் இறங்காமல் போக 10% வாய்ப்பு என்றால், பணம் திரும்பும் சந்தையில் அவர் மதிப்பு 60, திரும்பாத சந்தையில் 54. அதே மாலையில் வேறு இறுதிப்போட்டியும் இருப்பவருக்கு அந்த 10ஐ இன்னும் கூட்டிக்கொள்வேன்.