ஜாமீனில் இருந்து விலக ஒரு கடிதம் போதுமா?

"நண்பன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டேன். இப்போ வேற ஆள் ஜாமீன் தர்றாரு. நான் விலகிக்கிறேன்னு வங்கிக்கு லெட்டர் கொடுத்தா போதுமா?"

போதாது. முழுத் தொகையும் கொடுக்கப்பட்டுவிட்ட கடன் என்றால் உங்கள் கடிதம் வெறும் கோரிக்கைதான். வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை பொறுப்பு உங்களுடையதே. ஓவர்டிராஃப்ட் மாதிரி எடுத்து எடுத்துக் கட்டும் கணக்கு மட்டும் கொஞ்சம் வேறு: அறிவிப்புக்குப் பிறகு எடுக்கும் பணத்துக்குப் பொறுப்பு வராமல் பொதுவாகத் தடுக்கலாம், பழைய பாக்கி உங்கள் தலையில்தான்.

உங்கள் விஷயத்தில் ஆள் மாற்றம்தான் வழி. நண்பரும் நீங்களும் சேர்ந்து விண்ணப்பம் கொடுங்கள், புதியவரின் வருமான ஆவணங்களோடு. பெரும்பாலும் சிக்கல் வருவது இங்கேதான்: புதியவர் கையெழுத்துப் போட்டதும் வேலை முடிந்தது என்று வந்துவிடுவார்கள். உங்கள் ஜாமீன் பத்திரம் ரத்தாகவில்லை என்றால் அவர் கூடுதல் ஜாமீன்தார், அவ்வளவுதான்.

கையில் வர வேண்டியது விடுவிப்புக் கடிதம். அதில் கடன் கணக்கு எண், உங்கள் ஜாமீன் பத்திரத்தின் தேதி, எந்தத் தேதியில் இருந்து விடுவிப்பு, ஏற்கெனவே நிலுவையில் உள்ள தவணைக்கும் வட்டிக்கும் அந்த விடுவிப்பு பொருந்தும் என்ற வரி, அதிகாரம் உள்ளவரின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். "கோரிக்கை பெறப்பட்டது" என்ற முத்திரை விடுவிப்பு ஆகாது. மேலாளர் வாயால் சொன்னதும் அப்படித்தான்.

சொத்தோ வைப்புத்தொகையோ ஈடாகக் கொடுத்திருந்தால் அதற்குத் தனியாக விடுவிப்பு கேளுங்கள். அப்புறம் ஓரிரு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள்.